ஆன்லைன் தேர்வின் நடுவில் இணையம் போனால் விரிவுரையாளருக்கு எப்போது, என்ன எழுதுவது

போன தவணையில் செத்தாபாக் வாடகை வீட்டில் உட்கார்ந்து ஒரு பாடத்தின் இறுதித் தேர்வை எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் 2.00 முதல் 3.30 வரை, 20 கேள்விகள், மூடுல் தளத்தில். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது, 2.41க்கு இணையம் போய்விட்டது. 2.57க்குக் கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் திரும்ப வந்துவிட்டேன். போனது 16 நிமிடங்கள்தான். கடைசி இரண்டு கேள்விகளை எழுத முடியவில்லை. அந்த இரண்டு கேள்விகளை மீட்க எனக்குப் பத்து நாள் ஆனது. அதற்குக் காரணம் இணையம் போனது அல்ல, அதன்பிறகு நான் எழுதிய குறுஞ்செய்தி.

தேர்வு முடிந்து 3.38க்கு வாட்சப்பில் நான் அனுப்பியது இது: "டாக்டர், மன்னிக்கவும், வீட்டில் நெட் போயிருச்சு, ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன், கடைசிக் கேள்விகளை எழுத முடியல, தயவுசெய்து கொஞ்சம் கருணை காட்டுங்க." மெட்ரிக் எண் இல்லை, பாடக் குறியீடு இல்லை, எத்தனை மணிக்குப் போனது என்று இல்லை. இரண்டு நாள் கழித்து வந்த பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "பதிவேட்டில் 2.41க்குப் பிறகு இடைவெளி இருக்கிறது, 2.57 முதல் வேறு இணைப்பிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் தேவை." நான் உதவி கேட்டு எழுதினேன். அவர் கண்ணில் அது சந்தேகத்துக்குரிய விஷயமாகத் தெரிந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அவர்மேல் தவறு இல்லை, அவர் கையில் இருந்தது மூடுல் தானாகக் குறித்துவைக்கும் அந்தப் பதிவேடு மட்டும்தான்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்களுக்கு நேரம் கூட்டிக் கொடுக்கவோ மறுபடி எழுதவிடவோ விரிவுரையாளர் பெரும்பாலும் துறைக்கோ தேர்வுப் பிரிவுக்கோ ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கும். அவர் அங்கே எடுத்துவைக்கக்கூடிய காகிதம்தான் உங்கள் செய்தி. அந்தக் காகிதமும் பதிவேடும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

## 1. இணையம் போன அந்த நிமிடம்: பக்கத்தைத் தொடாதீர்கள்

மூடுல் தேர்வில் நீங்கள் எழுதுவது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கப்படும், அதுதான் வழக்கமான அமைப்பு. இணைப்பு போய்ச் சேமிக்க முடியாமல் போனால் பக்கத்தில் `Network connection lost. (Autosave failed).` என்று ஓர் எச்சரிக்கை வரும். இதைப் பார்த்ததும் பதற்றத்தில் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துவிடுவோம். செய்யாதீர்கள். கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு தட்டச்சு செய்த எல்லாம் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, ரிஃப்ரெஷ் செய்தால் போய்விடும். பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மடிக்கணினியை வேறு இணைப்புக்கு மாற்றுங்கள். இணைப்பு வந்ததும் பதில் சேமிக்கப்பட்டு எச்சரிக்கை மறையும். எதற்கும் அந்தப் பக்கத்தில் இருக்கும் பதிலை நகலெடுத்து ஒரு நோட்பேடில் ஒட்டிவையுங்கள்.

கடிகாரம் நிற்காது. நேரத்தைக் கணக்கிடுவது கல்லூரியின் செர்வர், உங்கள் கணினி அல்ல. அதனால் இணையம் திரும்பும் என்று மோடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஹாட்ஸ்பாட்டுக்குப் போங்கள். நான் 2.46க்கே ஹாட்ஸ்பாட் போட்டேன், ஆனால் டேட்டா தீர்ந்திருந்தது. மூன்று வெள்ளிக்கு ஒரு நாள் பாஸ் வாங்கி அது வேலை செய்ய 2.57 ஆகிவிட்டது. அந்த மூன்று வெள்ளியைக் காலையிலேயே போட்டிருந்தால் பதினோரு நிமிடம் மிஞ்சியிருக்கும்.

## 2. இரண்டு படங்கள், ஒரு அழைப்பு

கைத்தொலைபேசியை எடுத்து, எச்சரிக்கையோடு இருக்கும் திரையைப் படம் பிடியுங்கள். திரையின் மூலையில் இருக்கும் மணி தெரிய வேண்டும். எச்சரிக்கையை மட்டும் வெட்டியெடுத்த ஸ்கிரீன்ஷாட் எந்த நாளிலும் எடுத்ததாக இருக்கலாம்.

இரண்டாவது படம் மோடம். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரோரம் இருக்கும் சிறிய பெட்டியில் LOS என்று எழுதிய ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளியிலிருந்து ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்று அர்த்தம், அதாவது பழுது கேபிளிலோ நிறுவனத்தின் பக்கமோ இருக்கிறது. LOS அணைந்திருந்து எல்லாம் பச்சையாக இருந்தால் பழுது பெரும்பாலும் உங்கள் வீட்டு ரௌட்டரிலோ வைஃபையிலோ இருக்கலாம், அதையும் உள்ளபடியே எழுத வேண்டும். எந்த விளக்குமே எரியவில்லை என்றால் அது மின்வெட்டு. அப்போது அழைக்க வேண்டியது இணைய நிறுவனத்தை அல்ல, மின்தடைப் புகாருக்கான 15454 எண்ணை.

அழைப்பு விஷயத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். எல்லாம் முடிந்து, அழுது முடித்து, மாலை 5.12க்குத்தான் இணைய நிறுவனத்தில் புகார் பதிவு செய்தேன். டிக்கெட் எண் குறுஞ்செய்தியில் வந்தது, அதில் இருந்த நேரம் 5.12. இணையம் 2.41க்குப் போனது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசியவரிடம் "பழுது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்று நான்கு முறை கேட்டும் கிடைக்கவில்லை. ஆகவே டிக்கெட் பதிவாகும் நேரமே உங்கள் சாட்சி. தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அழைக்க முடியாது, அதனால் வீட்டில் இருக்கும் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள், அல்லது நிறுவனத்தின் செயலியில் புகார் போடச் சொல்லுங்கள். காசு எதுவும் இல்லை. கணக்கு எண் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தேர்வுக்கு முன்பே வீட்டு உரிமையாளரிடம் கேட்டு வையுங்கள், அது இல்லாமல் புகாரை எடுக்க மறுப்பார்கள்.

## 3. முதல் செய்தி: தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே

இது நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. விரிவுரையாளர் தேர்வுக்கு எந்த வழியில் தொடர்புகொள்ளச் சொன்னாரோ அதில் அனுப்புங்கள், வாட்சப் என்றால் வாட்சப், மின்னஞ்சல் என்றால் மின்னஞ்சல். அழைக்காதீர்கள், குரல் பதிவும் வேண்டாம். அவற்றைத் துறைக்கு எடுத்து அனுப்ப அவரால் முடியாது.

நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன், உங்கள் விரிவுரையாளருக்கு எது வசதியோ அந்த மொழியில் எழுதுங்கள். விளிப்பில் மட்டும் கவனம்: டாக்டர் பட்டம் உள்ளவரைப் புவான் என்றோ என்சிக் என்றோ எழுத வேண்டாம், டாக்டர் என்றே எழுதுங்கள். தமிழ் விரிவுரையாளர் என்றால் ஐயா, அம்மா என்று எழுதலாம், வகுப்பில் நீங்கள் எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே.

> வணக்கம் டாக்டர். நான் (பெயர்), மெட்ரிக் எண் (…), பாடம் (குறியீடு), குழு 2.
> மதியம் 2.41க்கு என் வீட்டு இணையம் துண்டித்தது. அப்போது 16ஆம் கேள்வியில் இருந்தேன். திரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.
> கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட் மூலம் மீண்டும் நுழைய முயல்கிறேன். இதற்காக மட்டும் கைத்தொலைபேசியைத் தொட்டேன்.
> தேர்வு முடிந்ததும் முழு விவரம் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் பதிவேட்டில் உங்கள் ஐபி முகவரி மாறும். விளக்கம் இல்லாத ஐபி மாற்றம் "வேறு யாரோ வேறு இடத்திலிருந்து எழுதினார்கள்" என்பது போலவே தெரியும். என் விரிவுரையாளர் கேட்டதும் அதைத்தான். அதோடு, தேர்வு நேரத்தில் கைத்தொலைபேசி கூடாது என்ற விதி உங்கள் பாடத்தில் இருந்தால், நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டது உங்களைக் காப்பாற்றும். கேமரா ஓடிக்கொண்டிருந்தால் கைத்தொலைபேசியைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு எடுங்கள்.

செய்தி அனுப்பியதும் பதிலுக்குக் காத்திருக்காமல் தேர்வுக்குத் திரும்புங்கள்.

## 4. தேர்வு முடிந்த பிறகு வகுப்புக் குழுவைத் திறக்காதீர்கள்

இது யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. 3.31க்கு வகுப்பு வாட்சப் குழுவில் "19க்கு என்ன போட்டீங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மறுபடி எழுத வாய்ப்புக் கேட்கப்போகிற நீங்கள் அந்தக் கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை யாராவது காட்ட முடியும். குழுவை மியூட்டில் போடுங்கள். மற்றவர்களுக்கும் இணையம் போனதா என்று தெரிய வேண்டுமானால் வகுப்புப் பிரதிநிதிக்குத் தனியாகக் கேளுங்கள், கேள்விகளைப் பற்றிப் பேசாமல்.

## 5. இரண்டாவது செய்தி: அன்று இரவுக்குள், மின்னஞ்சலில்

முழு விவரத்தைப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள், ஜிமெயிலிலிருந்து வேண்டாம். பொருள் வரியில் பாடக் குறியீடு, மெட்ரிக் எண், "இணையத் துண்டிப்பு", தேதி. இரண்டு குழுக்களுக்குப் பாடம் எடுப்பவர் நூறு மின்னஞ்சல்களுக்கு நடுவே தேடும்போது இது கண்ணில் படும்.

நான் மூன்றாம் முறை எழுதி அனுப்பிய, வேலை செய்த மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

> மதிப்பிற்குரிய டாக்டர்,
>
> மதியம் 2.00 முதல் 3.30 வரை நடந்த இறுதித் தேர்வில் எனக்கு ஏற்பட்ட துண்டிப்பின் விவரம்:
>
> 2.41 – 16ஆம் கேள்வியில் இருந்தபோது இணைப்பு போனது. மோடத்தில் LOS சிவப்பு.
> 2.46 – ஹாட்ஸ்பாட் முயற்சி, டேட்டா இல்லை.
> 2.57 – டேட்டா வாங்கிய பின் அதே மடிக்கணினியில் மீண்டும் இணைந்தேன். அதிலிருந்து வேறு ஐபி முகவரி தெரியும், அது என் கைத்தொலைபேசியினுடையது.
> 3.30 – தேர்வு தானாக ஒப்படைக்கப்பட்டது. 19, 20 ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதவில்லை.
>
> 1 முதல் 18 வரை எழுதியவை அப்படியே இருக்கின்றன, அவற்றில் மாற்றம் கேட்கவில்லை. கேள்விகளைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.
>
> இழந்த 16 நிமிடங்களுக்கு ஈடாக எந்த வழி விதிகளுக்கு உட்பட்டது என்று நீங்கள் முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு கேள்விகளைக் கொடுத்தாலும் நேரில் வந்து எழுதச் சொன்னாலும் தயார்.
>
> இணைப்புகள்: 1. மோடம் படம். 2. புகார் டிக்கெட் (பதிவு நேரம் 5.12, துண்டிப்பு நேரத்தில் பதிவு செய்யத் தவறினேன்). 3. டேட்டா வாங்கிய ரசீது, 2.55.

அதில் டேட்டா ரசீதைக் கவனியுங்கள். அது எனக்கு ஐந்தாம் நாள்தான் ஞாபகம் வந்தது. தேர்வின் நடுவில் 2.55க்கு ஒருவர் மூன்று வெள்ளிக்கு டேட்டா வாங்கினார் என்றால் அவருக்கு இணையம் இல்லை என்று வேறு விளக்கமே தேவையில்லை. மோடம் படம் கிடைத்ததும் தற்செயல்தான். அறைத்தோழி "நெட் போச்சா எல்லாருக்கும்?" என்று கேட்டு வீட்டு வாட்சப் குழுவில் 2.50க்கு அதைப் போட்டிருந்தாள். நான் அந்தப் படத்தைக் குழுவிலிருந்தே, நேரம் தெரியும்படி எடுத்து அனுப்பினேன்.

நீங்கள் கேட்பதில் ஒரு கட்டுப்பாடு இருக்கட்டும். 16 நிமிடம் போனவர் முழுத் தேர்வையும் மறுபடி எழுதக் கேட்டால் மறுப்பது சுலபம். போன அளவை மட்டும் கேட்டால் மறுப்பது கடினம். மூடுலில் ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தையும் முயற்சி எண்ணிக்கையையும் கூட்டித் தரும் வசதி விரிவுரையாளரிடம் இருக்கிறது, ஆகவே அவரால் முடியாத ஒன்றை நீங்கள் கேட்கவில்லை.

## 6. அனுப்பக் கூடாத ஓர் ஆதாரம்

விண்டோஸில் வைஃபை வரலாற்றைக் காட்டும் அறிக்கை ஒன்று இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து இதைக் கொடுத்தால் கடந்த மூன்று நாள் இணைப்பு வரலாறு ஒரு பக்கமாக வரும்:

```
netsh wlan show wlanreport
```

ஒரு நண்பர் சொல்லி நானும் எடுத்தேன், படிக்காமலேயே இணைத்து அனுப்பினேன். அதில் 2.41க்கு எந்தத் துண்டிப்பும் இல்லை! ஏனென்றால் அந்த அறிக்கை காட்டுவது கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான வைஃபையை. எனக்குப் போனது ரௌட்டருக்கு வெளியே இருக்கும் ஃபைபர், வைஃபை கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. என் கையாலேயே எனக்கு எதிரான காகிதத்தைக் கொடுத்தேன், அதை விளக்க இன்னொரு மின்னஞ்சல், இன்னும் மூன்று நாள். மோடத்தில் LOS சிவப்பாக இருந்தால் இந்த அறிக்கை வேண்டாம். ரௌட்டரோ வைஃபையோ செத்துப்போயிருந்தால் மட்டும் எடுங்கள், மூன்று நாளுக்குள் எடுத்துவிடுங்கள். எதையும் இணைக்கும் முன் அது நீங்கள் எழுதிய நேரங்களோடு ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

## 7. தேர்வு அல்ல, இடுபணி என்றால்

இங்கே வேலை சுலபம், ஏனென்றால் கோப்பு ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது. இரவு 11.59 கெடு, 11.50க்கு இணையம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பைக் கைத்தொலைபேசிக்கு மாற்றி, டேட்டா மூலம் அதைப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் விரிவுரையாளருக்கு 11.59க்குள் அனுப்பிவிடுங்கள். அப்புறம் தளத்தில் தாமதமாகப் பதிவேற்றினாலும் வேலை எப்போது முடிந்தது என்பதற்கு அந்த மின்னஞ்சலின் நேரம் சாட்சி. அதன்பிறகு அந்தக் கோப்பைத் திறந்து சேமிக்கவே கூடாது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் திருத்திய நேரம் 12.20 என்று மாறிவிடும், மின்னஞ்சலில் போனதும் தளத்தில் ஏறியதும் வேறு வேறு கோப்புகளாகிவிடும்.

பதிவேற்றிய பிறகும் ஒன்று பாருங்கள். மூடுலில் நிலை `Draft (not submitted)` என்று இருந்தால் நீங்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கெலுகோரில் படிக்கும் என் தோழி இதில் மாட்டிக்கொண்டாள். கோப்பு மூன்று நாள் வரைவாகவே கிடந்தது, அவள் இணையத்தைக் குறை சொல்லி எழுதிவிட்டாள், பதிவேடு வேறு கதை சொன்னது. பிறகு அவள் துறை சத்தியப் பிரமாணம், அதாவது சூராட் அகுவான் பெர்சும்பா, கேட்டது. கேட்டால் மட்டும் கொடுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம். வழக்கறிஞர் அலுவலகங்களில் இருக்கும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் மைகார்டோடு போக வேண்டும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள், அவர் முன்னால்தான் போட வேண்டும். அவளுக்குப் பத்து வெள்ளி ஆனது, வேலை பதினைந்து நிமிடம்.

## 8. பதில் வராவிட்டால்

இரண்டு வேலை நாள் பொறுங்கள். பிறகு அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாக இரண்டு வரி எழுதுங்கள், புதிய மின்னஞ்சல் தொடங்காதீர்கள், இணைப்புகளெல்லாம் ஒரே சங்கிலியில் இருக்கட்டும். பாடத் திட்டத்திலோ மாணவர் கையேட்டிலோ தேர்வு முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று இருக்கும், அந்த நாளை இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள். அது நெருங்கினால் விரிவுரையாளரின் பதிலுக்குக் காத்திராமல் துறை அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அதை விரிவுரையாளருக்கும் தெரிவியுங்கள், அவர் முதுகுக்குப் பின்னால் போனதாக இருக்கக் கூடாது.

எனக்குப் பத்தாம் நாள் பதில் வந்தது. 19, 20க்குப் பதிலாக வேறு இரண்டு கேள்விகள், 20 நிமிடம், துறையின் கணினிக் கூடத்தில். மதிப்பெண் வெளிவந்து முறையீட்டுக் கெடு தாண்டும்வரை படங்களையும் அந்த டிக்கெட் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருந்தேன்.